ஒற்றை சோஃபாவின் கேட்டலாக் படம்: துணியில் வரும் பட்டைகளும் இருளில் மறையும் கால்களும்

பட்டறை_கோவை

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் சிறிய சோஃபா பட்டறை நடத்தி வருகிறேன். எங்கள் இணையதளத்துக்காக ஓர் ஒற்றை சோஃபாவை நானே படம் எடுத்தேன். அகலம் 80 செ.மீ., தரையிலிருந்து இருக்கை 43 செ.மீ., தேக்கில் கடைசல் கால்கள், பைப்பிங் வைத்துத் தைத்த பெட்டி வடிவக் குஷன். துணி கரூரிலிருந்து வாங்கியது. வெளிர் இழையும் கரும்சாம்பல் இழையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சாதாரண நெசவு.

கேமரா ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல். 85 மி.மீ. லென்ஸை மாட்டி, கேமராவை நிமிர்த்தி வைத்து, 4 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தேன். கணினியில் முழு அளவில் பார்த்தால் துணி நன்றாகத்தான் இருக்கிறது. சாய்வுப் பகுதியின் ஓரங்களில் மட்டும் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு சாயல் தெரிகிறது. அதே படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கித் தளத்தில் ஏற்றியவுடன் குஷன் முழுவதும் சாம்பல் நிறப் பட்டைகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, "புது சோஃபாவிலேயே குஷன் குழி விழுந்திருக்கிறதே" என்று கேட்டார். அந்தக் குஷன் 40 டென்சிட்டி ஃபோம்; ஒருவர்கூட அதில் உட்காரவில்லை. எனக்கு மிகுந்த வருத்தமாகிவிட்டது.

கால்களும் சரியாக வரவில்லை. கடைசலில் மூன்று வளையங்கள் இருக்கின்றன. படத்தில் அவை தெரியாமல் கால்கள் வெறும் கரும்குச்சிகளாக நிற்கின்றன. துணியின் நெசவு, குஷனின் வடிவம், காலின் வேலைப்பாடு ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் காட்ட முடியுமா, முடியாதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தூரப்பார்வை

நண்பரே, நீங்கள் சொல்வது மோரே, அதாவது நுண்ணிய நெசவைப் படமாக்கும்போது தோன்றும் பொய்ப் பட்டை. உங்கள் கேமராவின் சென்சார் துணியின் இழைகளைப் பிரித்தறியத் திணறுகிறது. 45 மெகாபிக்சல் கேமரா ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து அதே இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள், பிரச்சினை அத்துடன் முடிந்துவிடும். நான் சட்டைகளைப் படம் எடுத்தபோது இப்படித்தான் சரி செய்தேன்.

அம்மாவுக்காக

நான் புகைப்படக்காரர் அல்ல, சோஃபா வாங்கியவள். குஷன் குழி விழுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். சென்ற ஆண்டு என் அம்மாவுக்காக இணையத்தில் ஓர் ஒற்றை சோஃபா வாங்கினேன். படத்தில் கால்கள் நீளமாகவும் இருக்கை உயரமாகவும் தெரிந்தன. வீட்டுக்கு வந்ததும் டேப் வைத்து அளந்தோம். இருக்கை உயரம் 38 செ.மீ.தான். முழங்கால் வலியுள்ள அம்மாவால் அதிலிருந்து தாமாக எழுந்திருக்க முடியவில்லை. குஷனும் ஆறு மாதத்தில் அமுங்கிவிட்டது. 40 டென்சிட்டி என்று நீங்கள் சொல்லும் ஃபோம் உண்மையிலேயே அமுங்காதா? அம்மாவின் சோஃபாவுக்கு அதை மாற்றிப் போடலாமா?

நிழலளவு

பட்டறை நண்பரே, உங்கள் படத்தில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் சரி செய்ய முடியாது. முழு அளவில், அதாவது 100 விழுக்காட்டில் பார்க்கும்போதே தெரிகிற இளஞ்சிவப்பு, பச்சைச் சாயல் கேமராவுக்குள் பிறந்தது. 100 விழுக்காட்டில் இல்லாமல் சுருக்கியபின் தோன்றும் சாம்பல் பட்டைகள் சுருக்கத்தில் பிறந்தவை. தூரப்பார்வை சொன்ன 45 மெகாபிக்சல் கேமரா முதலாவதைப் பெரும்பாலும் போக்கிவிடும். இரண்டாவதை அது தொடக்கூட முடியாது. எந்தக் கேமராவில் எடுத்தாலும் கடைசியில் நீங்கள் அதே 1200 பிக்சலுக்குத்தானே சுருக்கப் போகிறீர்கள்.

உங்கள் துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழைகள் என்று தெரிந்தால் கணக்கிட்டே சொல்லிவிடலாம். துணி வாங்கிய இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

கரூர்_தறி

இங்கே ஃபர்னிஷிங் துணி நெய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவர் சொல்லும் ரகம் எங்கள் பகுதியில் பரவலாக ஓடுகிறது. என் தறியில் அதைப் போன்ற ஒரு துணி இருந்ததால் இழை எண்ணும் உருப்பெருக்கியான பிக் கிளாஸை வைத்து எண்ணினேன்: அங்குலத்துக்குப் பாவு 48 இழை, ஊடை 40 இழை. உங்கள் துணியிலும் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். பிக் கிளாஸ் இல்லையென்றால் ஓர் அங்குலச் சதுரம் வெட்டிய அட்டையும் ஊசியும் போதும்.

இழை எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். சாதாரண நெசவில் பாவு இழை ஒன்று மேலே வந்தால் அடுத்தது கீழே போகும். பாவு வெளிராகவும் ஊடை கருமையாகவும் இருப்பதால் கண்ணுக்கும் கேமராவுக்கும் தெரிவது வெளிர் புள்ளி, கரும்புள்ளி என்று மாறி மாறி வரும் சதுரங்க அமைப்பு. அந்த அமைப்பு திரும்ப வருவதற்கு இரண்டு இழைகள் வேண்டும். ஆகவே 48 இழைக்கு அங்குலத்தில் 24 சுற்றுகள். இதே எண்ணிக்கையில் இரண்டு இழையும் ஒரே நிறமாக இருந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வந்திராது, ஏனென்றால் புள்ளிக்கும் புள்ளிக்கும் வேற்றுமை மிகக் குறைவு.

நிழலளவு

கரூர் நண்பருக்கு மிக்க நன்றி. நான் கேட்க நினைத்த அடுத்த கேள்விக்கும் சேர்த்தே விடை சொல்லிவிட்டார்.

அங்குலத்துக்கு 24 சுற்று என்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 1.06 மி.மீ. 85 மி.மீ. லென்ஸை நிமிர்த்தி வைத்து 4 மீட்டரிலிருந்து எடுத்தால் படத்தின் அகலத்தில் சுமார் 1.13 மீட்டர் அடங்கும். அது 4000 பிக்சலில் பதிவாவதால் மில்லிமீட்டருக்கு மூன்றரை பிக்சல், நெசவின் ஒரு சுற்றுக்கு 3.7 பிக்சல் கிடைக்கிறது. ஓர் அமைப்பு பொய்யில்லாமல் பதிவாகச் சுற்றுக்கு இரண்டு பிக்சலுக்கு மேல் வேண்டும். ஆகவே வெளிச்சமும் இருளும் சரியாகவே பதிவாகியிருக்கின்றன. ஆனால் சென்சாரில் சிவப்பையும் நீலத்தையும் உணரும் பிக்சல்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்குச் சுற்றுக்கு நான்கு பிக்சலுக்கு மேல் தேவை. உங்களுக்குக் கிடைப்பது 3.7. அந்தச் சிறிய குறைவுதான் நிறச் சாயலாக எட்டிப் பார்க்கிறது. சாய்வின் ஓரங்களில் துணி கேமராவை விட்டு வளைந்து செல்வதால் இழைகள் இன்னும் நெருங்கித் தெரியும். சாயல் அங்கே முதலில் வருவதும் அதனால்தான்.

இனி 1200 பிக்சலுக்கு வருவோம். அங்கே மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சலுக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. நெசவின் ஒரு சுற்றுக்கு 1.1 பிக்சல். இரண்டு தேவைப்படும் இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. சுருக்கும் மென்பொருள் சில இடங்களில் வெளிர் புள்ளியையும் சில இடங்களில் கரும்புள்ளியையும் பிடித்துக்கொள்ள, இல்லாத பட்டை ஒன்று உருவாகிவிடுகிறது. குஷன் நடுவில் உப்பி ஓரத்தில் சரிகிறது அல்லவா? அந்தச் சரிவுக்கு ஏற்ப இழைகளின் நெருக்கம் மாறுவதால் பட்டைகளும் மலை வரைபடத்தின் உயரக்கோடுகளைப் போல உப்பலைச் சுற்றி வளைகின்றன. உங்கள் வாடிக்கையாளர் குழி என்று பார்த்தது இதைத்தான்.

ஆகவே அந்த அளவில் முழு சோஃபாவைக் காட்டும் படத்தில் இந்த நெசவைக் காட்ட வழியே இல்லை. அதில் நெசவு என்று எது தெரிந்தாலும் அது பொய். சுருக்குவதற்கு முன்பே மெல்ல மங்கலாக்கி, துணியை ஒரே நிறப் பரப்பாக விட்டுவிடுவதே நேர்மையானது. ImageMagick பழக்கம் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
magick sofa.tif -gaussian-blur 0x1.6 -filter Mitchell -resize 1200x -unsharp 0x0.6 -quality 88 sofa-1200.jpg
```

மங்கலாக்குவது முதலில், சுருக்குவது பிறகு, கூர்மையாக்குவது கடைசியில். வரிசை மாறினால் பயனில்லை. பட்டை இன்னும் தெரிந்தால் 1.6 என்பதை 2 வரை உயர்த்திப் பாருங்கள்.

தூரப்பார்வை

ஏற்றுக்கொள்கிறேன். நான் சட்டைப் படங்களைப் பெரிய அளவிலேயே தளத்தில் வைத்திருந்தேன். அதனால் சுருக்கத்தில் வரும் பட்டைகள் என் கண்ணில் படவே இல்லை. ஆனாலும் நெசவே தெரியாத சோஃபா படத்தைப் பார்த்து யார் வாங்குவார்கள்? துணிதானே விலையின் பாதி? பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைத் தளத்தில் வைத்து 4000 பிக்சல் படத்தையே கொடுத்துவிடலாமே.

நிழலளவு

கொடுக்கலாம், தவறில்லை. பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்கு அது உதவும். ஆனால் எல்லோரும் பெரிதாக்குவதில்லை, நிறச் சாயலையும் தனியே போக்க வேண்டியிருக்கும். எஃப்/16 வரை அப்பர்ச்சரைக் குறுக்கினால் லென்ஸே மிக நுண்ணிய விவரத்தைச் சற்று மங்கலாக்கிவிடும். அதில் சாயல் ஓரளவு குறையும்.

நான் செய்வது வேறு. முழு சோஃபாவுக்கு ஒரு படம் எடுத்தபின், அதே சோஃபாவின் முன்பக்கக் கீழ் மூலையை மட்டும் இரண்டாவதாக எடுப்பேன். நம் கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1200 பிக்சலில் நெசவின் ஒரு சுற்றுக்கு மூன்று பிக்சல் வேண்டுமென்றால் 400 சுற்றுகள் அடங்கும். அதாவது 42 செ.மீ. அகலம். உயரம் 1600 பிக்சல் என்றால் 56 செ.மீ. உங்கள் இருக்கையோ தரையிலிருந்து 43 செ.மீ. ஆக, கால் தரையைத் தொடும் இடத்திலிருந்து குஷனின் மேல் விளிம்பைத் தாண்டிக் கைத்தாங்கியின் பெரும்பகுதி வரை அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். கால், குஷனின் முன்முகம், பைப்பிங், நெசவு எல்லாம் ஒரே படத்தில், பொய்யில்லாமல். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: மூன்றையும் ஒரே படத்தில் காட்டலாம், ஆனால் அது முழு சோஃபாவின் படம் அல்ல.

அதே 85 மி.மீ. லென்ஸை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் சுமார் 42 செ.மீ. அகலம் கிடைக்கும். அப்போது பதிவில் சுற்றுக்குப் பத்து பிக்சல் இருப்பதால் நிறச் சாயலுக்கும் இடமில்லை. கேமராவைத் தரையிலிருந்து சுமார் 28 செ.மீ. உயரத்தில், கொஞ்சமும் சாய்க்காமல் வையுங்கள்.

பட்டறை_கோவை

ஐயா, மிகத் தெளிவாக இருக்கிறது. நாளைக்கே எடுக்கிறேன். ஒளியை எங்கே வைப்பது என்றும் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது 60க்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் ஒன்றும் தெர்மாகோல் அட்டைகளும்தான். முன்பு ஒளியைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

அம்மாவுக்காக எழுதிய சகோதரிக்கு: 40 டென்சிட்டி ஃபோம் 32ஐவிட நெடுநாள் தாங்கும், அமுங்கவே அமுங்காது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு முதலில் மாற்ற வேண்டியது ஃபோம் அல்ல, கால்கள். திருகி மாட்டிய கால்களாக இருந்தால் 7 செ.மீ. உயரம் கூடிய கால்களை உள்ளூர்க் கடைசல் பட்டறையிலேயே செய்து மாட்டிவிடலாம்.

நிழலளவு

ஒளி கேமராவுக்கு அருகில் இருந்தால் இழையின் மேடும் பள்ளமும் ஒரே அளவில் ஒளிபெற்றுத் துணி தட்டையாகிவிடும். குஷனின் உப்பலும் மறைந்துவிடும். சாஃப்ட்பாக்ஸை இடப்பக்கம் கொண்டுபோய், குஷனின் முன்முகத்தை ஒளி உரசிச் செல்லும்படி வையுங்கள். முகத்தோடு 20 டிகிரி அளவில் இருந்தால் ஒவ்வோர் இழைக்கும் ஒரு சிறு நிழல் விழும். வலப்பக்கம் தெர்மாகோல் அட்டையை ஓரடி தள்ளி வைத்தால் போதும். மிக அருகில் வைத்தால் அந்த நிழல்களை அழித்துவிடும்.

ஒரு வரம்பை மறந்துவிடாதீர்கள். சோஃபாவில் ஒன்றுக்கொன்று திசை மாறிய பரப்புகள் பல இருக்கின்றன. முன்முகத்தை உரசும் ஒளி, கைத்தாங்கியின் பக்கவாட்டை நேராக அடிக்கும். எல்லாப் பரப்பிலும் நெசவு ஒரே அளவில் தெரிய வேண்டும் என்று முயன்றால் எங்கும் தெரியாமல் போகும். எந்தப் பரப்பில் காட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கால்களைப் பொறுத்தவரை, கரும்பாலிஷ் போட்ட காலின்மேல் எவ்வளவு ஒளி விட்டாலும் அது ஒரு பளிச்சிடும் கோடாகத்தான் தெரியும். காலை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் சுவரை வெளிச்சமாக்குங்கள். கடைசல் வேலையின் அழகு அதன் வெளிக்கோட்டில் இருக்கிறது. பின்னால் வெளிச்சம் இருந்தால் வளையங்கள் மூன்றும் வெட்டி வைத்தாற்போலத் தெரியும். சோஃபாவுக்கு அடியில், படத்தில் வராதபடி ஒரு வெள்ளை அட்டையைத் தரையில் போட்டால் அடிப்பகுதியின் இருளும் கரையும். கால் தரையைத் தொடும் இடத்தில் விழும் சிறு நிழலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அது போனால் சோஃபா மிதப்பதுபோல் இருக்கும்.

முழு சோஃபா படத்துக்குக் கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது?

பட்டறை_கோவை

ஏறத்தாழ 1.4 மீட்டர். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்திருந்தேன்.

நிழலளவு

கால்கள் கீழே போகப் போக உள்நோக்கிக் குறுகுவதற்கு அதுவே காரணம். 65 செ.மீ. உயரத்தில், மட்டமாக வைத்து எடுங்கள். மேலே வெற்றுச் சுவர் நிறைய வரும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

சகோதரி வாங்கிய சோஃபாவின் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் கைபேசியைத் தாழ்வாகப் பிடித்து ஒரு மீட்டர் தொலைவில் எடுத்தால் அவர் சொன்னதுபோல்தான் தெரியும். முன்கால் ஒரு மீட்டரிலும் பின்கால் 1.6 மீட்டரிலும் இருந்தால் முன்கால் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். 4 மீட்டருக்குத் தள்ளிப் போனால் அந்த வேறுபாடு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பார்ப்பவர் காலின் நீளத்தை வைத்துத்தான் இருக்கையின் உயரத்தை மனத்தில் அளக்கிறார்.

அம்மாவுக்காக

நீங்கள் சொன்ன பிறகு பழைய படத்தைத் தேடிப் பார்த்தேன். முன்கால்கள் தடிமனாகவும் பின்கால்கள் குச்சியாகவும்தான் இருக்கின்றன. அன்று கவனிக்கவில்லை. எங்கள் சோஃபாவின் கால்கள் திருகி மாட்டியவைதான்; பட்டறை அண்ணன் சொன்னபடி விசாரிக்கிறேன். உங்கள் தளத்தில் படத்துக்குக் கீழேயே இருக்கை உயரத்தையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

கரூர்_தறி

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணியைப் பூட்டும்போது ஊடை இழை தரைக்கு மட்டமாக ஓடுகிறதா என்று பாருங்கள். நேரில் பார்த்தால் இரண்டு மூன்று டிகிரி கோணலை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பட்டை விழும் அளவுக்கு இழை நெருங்கிய படத்தில் அந்தச் சிறு கோணல் பல மடங்காகப் பெருகி, பட்டைகள் சாய்ந்து ஓடும். எங்கள் துணி கோணலாக நெய்யப்பட்டிருப்பதாகப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரக்கைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

பட்டறை_கோவை

எடுத்துவிட்டேன். முழு சோஃபா படத்தில் பட்டைகள் அறவே இல்லை; துணி மென்சாம்பலாகத் தெரிகிறது. மூலைப் படம்தான் என்னைச் சிறிது நேரம் பேசவிடாமல் செய்துவிட்டது. பைப்பிங்குக்குக் கீழே ஒவ்வொரு வெளிர் புள்ளியும் தனித்தனியாக நிற்கிறது. முன்முகத்தின் நடுவில் குஷன் விளிம்பு வில்லைப் போல மெல்ல உயர்ந்திருப்பது சாய்வின் நிழலுக்கு எதிராக நன்றாகத் தெரிகிறது. காலின் மூன்று வளையங்களும் தெரிகின்றன. கடைசல் வேலை செய்த மேஸ்திரியிடம் காட்டினேன், நடு வளையத்தில் உளி சற்று ஆழமாக இறங்கியதை அவரே கண்டுபிடித்தார்.

எடுப்பதற்கு முன் குஷனின் முன் விளிம்புக்குள் அரை அங்குல ரெக்ரான் ஷீட் ஒன்றைச் செருகினேன். இது சரியா என்ற உறுத்தல் இருக்கிறது.

தூரப்பார்வை

எல்லோரும் செய்வதுதான். படத்துக்காகச் சட்டையைப் பின்னால் ஊசி குத்தி இறுக்குவதில்லையா?

நிழலளவு

எனக்கு உடன்பாடில்லை. வாங்குகிறவருக்கு அனுப்பும் குஷனிலும் அதே ரெக்ரான் இருந்தால் செருகலாம். படத்துக்கு மட்டும் என்றால் கூடாது. சுருக்கம் நீக்க ஸ்டீமர் பிடிப்பது வேறு, உள்ளே இல்லாததை வைப்பது வேறு.

பட்டறை_கோவை

அப்படியென்றால் இனி எல்லாக் குஷனிலும் வைத்தே அனுப்புகிறேன், பெரிய செலவில்லை.

இன்னும் ஒரு தொல்லை தீரவில்லை. தளத்தில் படங்களுக்குக் கீழே வரும் சிறுபட வரிசைக்கு, தளமே மூலைப் படத்தை 300 பிக்சலுக்குச் சுருக்கிக்கொள்கிறது. அதில் பட்டைகள் திரும்பி வந்துவிட்டன. முழு சோஃபா படத்தின் சிறுபடத்தில் அவை இல்லை.

நிழலளவு

முழு சோஃபா படத்தில் நெசவு ஏற்கெனவே கரைந்துவிட்டது. எவ்வளவு சுருக்கினாலும் பட்டை வராது. மூலைப் படத்தில் நெசவு உயிரோடு இருக்கிறது. சுற்றுக்கு மூன்று பிக்சல் இருந்தது, 300க்குச் சுருக்கும்போது முக்கால் பிக்சலாகிவிடுகிறது. சிறுபடத்துக்கென்று தனியாக மங்கலாக்கிய கோப்பு ஒன்றை ஏற்ற முடியுமா?

பட்டறை_கோவை

ஒரு படத்துக்கு ஒரே கோப்பைத்தான் தளம் ஏற்கிறது. தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டிருக்கிறேன். அதுவரை மூலைப் படத்தை வரிசையில் கடைசியாக வைத்திருக்கிறேன்.